மாடியில் ஃப்ளஷ், கீழே நாற்றம்: புதுப்பாளையம் வீடு ஒன்றின் பாத்ரூம் ஆய்வு

கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு மாடி வீடு. கட்டி 9 வருடம் ஆகிறது. கீழே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மாடியில் மகன் குடும்பத்துக்கென்று ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு பாத்ரூமும் உண்டு. மகனுக்குச் சென்னையில் வேலை, சனி ஞாயிறு மட்டும்தான் வருவார். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பாத்ரூமிலும் சாக்கடை நாற்றம்.

நான் போவதற்கு முன்பே நிறைய செய்து பார்த்திருந்தார்கள். தரையில் இருக்கும் ஜாலியை மாற்றினார்கள், பினாயில் ஊற்றினார்கள், ஆசிட் ஊற்றினார்கள். கடைசியில் மாடி பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் மாட்டினார்கள். ஃபேன் போட்டதும் நாற்றம் இன்னும் கூடியது என்று அம்மா சொன்னார். "எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்றார் ஐயா. இருவரும் சொன்னது உண்மைதான். சாக்கடை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கைச் சீக்கிரம் மரத்துப்போகச் செய்யும். உள்ளேயே இருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியாது, வெளியிலிருந்து வருபவருக்கு முகத்தில் அடிக்கும். அதனால் நாற்றத்தை மூக்கால் அளந்து முடிவுக்கு வருவதை நான் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது, நாற்றம் எப்போது வருகிறது என்ற தகவல்.

அதைக் கேட்டதும் அம்மா கொஞ்சம் தயங்கினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் கீழே பரவாயில்லை தம்பி. பிள்ளை வந்தா காலையிலே கீழே நாறும். இதை எப்படி அவங்கிட்ட சொல்றது?" மாடி பாத்ரூமைப் பற்றிக் கேட்டேன். சனிக்கிழமை கதவைத் திறந்ததுமே லேசாக நாற்றம் இருக்கும், எல்லாரும் ஒருமுறை உபயோகித்த பிறகு அது பலமாகிவிடும் என்றார்.

இந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்தது. மாடியில் ஃப்ளஷ் செய்வதற்கும் கீழே நாற்றம் வருவதற்கும் தொடர்பு இருக்கிறது. அப்படியென்றால் தேட வேண்டிய இடம் பைப்புக்குள் ஓடும் காற்று. இதுவரை எல்லாரும் தரையிலேயே தேடியிருக்கிறார்கள்.

ட்ராப்பில் நிற்கும் தண்ணீர்

பாத்ரூமுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் கதவோ வால்வோ எதுவும் கிடையாது. ட்ராப்பின் வளைவில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் தடுப்பு. கமோடுக்குள் நமக்குத் தெரியும்படி நிற்பதும் அதே தண்ணீர்தான். தரையில் ஜாலிக்குக் கீழே நஹானி ட்ராப், வாஷ் பேசினுக்குக் கீழே பாட்டில் ட்ராப். ஒவ்வொன்றிலும் வளைவுக்குள் ஒரு தடுப்பு உதடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அந்த உதட்டின் கீழ் விளிம்புக்கு மேலே எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறதோ அதுதான் தண்ணீர் அடைப்பு. குறைந்தது 50 மில்லிமீட்டர், அதாவது 2 இஞ்ச் இருக்க வேண்டும்.

இதில் பலர் தவறு செய்வது அளக்கும் இடத்தில். ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே தண்ணீர் நிற்கிறது, சரிதான் என்று மூடிவிடுவார்கள். குச்சியை விட்டால் 4 இஞ்ச் ஆழம்கூடக் காட்டும். அது அடிமட்டம் வரைக்குமான ஆழம். நமக்கு வேண்டியது உதட்டுக்கு மேல் உள்ள உயரம். நான் ஒரு கட்டுக்கம்பியின் நுனியை 'ட' போல மடக்கி, ட்ராப்புக்குள் விட்டு, உதட்டுக்கு அடியில் கொக்கியை மாட்டி மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பேன். அந்த நிலையில் தண்ணீர்மட்டம் எங்கே வருகிறதோ அங்கே கம்பியில் அடையாளம் போடுவேன். கொக்கியிலிருந்து அடையாளம் வரைக்கும்தான் அடைப்பு.

கீழ் பாத்ரூமில் 45 மில்லிமீட்டர் வந்தது. கொஞ்சம் குறைவு, ஆனால் மோசமில்லை.

மாடியில் கொக்கி போடவே இடமில்லை. அங்கே இருந்தது கிண்ண ட்ராப். நடுவில் ஒரு குழாய் மேல்நோக்கி நிற்கும், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், அதன் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்திருப்பார்கள். கிண்ணத்தின் விளிம்பு தண்ணீரில் முங்கியிருக்கும் அளவுதான் அடைப்பு. இந்த வீட்டில் தண்ணீர் நிறைய ஊற்றி அளந்தபோதும் 18 மில்லிமீட்டர்தான். இந்த வகையில் இன்னொரு வினையும் உண்டு. முடி அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்பவர் கிண்ணத்தைத் தூக்கி வெளியே வைப்பார், திருப்பி வைக்க மறந்தால் செப்டிக் டேங்கும் பாத்ரூமும் ஒரே அறை ஆகிவிடும். உயரம் குறைவாக அடங்குகிறது என்பதற்காகத்தான் இதைப் போடுகிறார்கள். வீட்டுக்குள் இதைப் போடவே கூடாது என்பது என் கருத்து.

ஃப்ளஷ் சோதனை

மாடியிலிருந்து 4 இஞ்ச் பைப் ஒன்று சுவரை ஒட்டி நேராகக் கீழே இறங்குகிறது. மாடி கமோடு, மாடி தரை ட்ராப், பேசின் மூன்றும் அதில்தான் சேர்கின்றன. கீழே தரைமட்டத்தில் அது வளைந்து, வெளியே சேம்பர் என்ற மூடிபோட்ட சிறு தொட்டிக்குப் போய், அங்கிருந்து செப்டிக் டேங்குக்குப் போகிறது. கீழ் பாத்ரூமின் தரை ட்ராப்பையும் அந்த வளைவுக்குச் சற்று மேலே ஒரு டி போட்டு அதே பைப்பில் இணைத்திருந்தார்கள். கீழ் கமோடுக்கு மட்டும் தனி பைப்.

மாடி ட்ராப்பில் தண்ணீர் நிரப்பிவிட்டு ஒருமுறை ஃப்ளஷ் செய்யச் சொன்னேன். 18 மில்லிமீட்டர் 6 ஆக இறங்கியது. இரண்டாவது ஃப்ளஷுக்குக் கிண்ணத்தின் விளிம்பு வெளியே தெரிந்தது. குழந்தை ஸ்ட்ராவில் கடைசிச் சொட்டை உறிஞ்சுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடைப்பே இல்லை. ஃபேன் போட்டால் நாற்றம் ஏன் கூடியது என்பதும் இதிலேயே புரிந்தது. கதவு மூடியிருக்கும்போது ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். தண்ணீர் போய்விட்ட ட்ராப்பைவிடச் சுலபமான வழி அந்த அறையில் இல்லை.

தண்ணீர் ஏன் போகிறது? ஃப்ளஷ் தண்ணீர் செங்குத்து பைப்பில் விழும்போது தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இழுக்கப்பட்ட காற்றின் இடத்தை நிரப்ப மேலிருந்து காற்று வர வேண்டும். அதற்குத்தான் அந்த 4 இஞ்ச் பைப்பை மொட்டைமாடிக்கு மேல் வரை நீட்டித் திறந்து விடுகிறோம். நாற்றம் வெளியேறுவதற்காக வைத்த புகைபோக்கி என்று பலர் அதை நினைக்கிறார்கள். அதுவும் நடக்கும். ஆனால் அதன் முதல் வேலை காற்றை உள்ளே விடுவது. அந்த வழி அடைபட்டால் பைப் பக்கத்தில் இருக்கும் ட்ராப் வழியாகக் காற்றை உறிஞ்சும். காற்றோடு ட்ராப்பின் தண்ணீரும் போய்விடும்.

மொட்டைமாடிக்குப் போனேன். வெப்பம் தாங்கும் வெள்ளை டைல்ஸ் புதிதாகப் பதித்திருந்தார்கள். பைப் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அறுக்கப்பட்டு, மேலே மூடி போட்டுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. "கொசு இது வழியாதான் வருதுன்னு சொன்னாங்க தம்பி. துணி காயப்போடற இடத்துல நாறவும் செஞ்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி டைல்ஸ் போடறப்ப மூடச் சொன்னேன்" என்றார் ஐயா. அவர் சொன்னதில் தவறில்லை. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வழியாகக் கொசு வரும் என்பது உண்மைதான். அதற்கு வலை கட்ட வேண்டும், மூடி போடக் கூடாது. 7 வருடம் பெரிதாகத் தெரியாத நாற்றம் கடந்த இரண்டு வருடமாக ஏன் படுத்துகிறது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

மூடியை அறுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். மாடி ட்ராப்பில் முதல் ஃப்ளஷுக்கு 18 மில்லிமீட்டர் 14 ஆனது. இரண்டாவதுக்கு 12. உறிஞ்சும் சத்தமும் இல்லை.

சரி, கதை முடிந்தது என்று கீழே இறங்கினேன். முடியவில்லை. மாடியில் ஃப்ளஷ் செய்தபோது கீழ் பாத்ரூம் ட்ராப்பில் முன்பு போலவே 'குபுக் குபுக்' என்று ஐந்தாறு குமிழி வந்தது. ஒவ்வொரு குமிழியும் சாக்கடை பைப்பின் காற்றுதான். மூடியை எடுத்ததால் இங்கே எந்த மாற்றமும் இல்லை.

மேலே நடப்பதும் கீழே நடப்பதும் எதிரெதிரான விஷயங்கள். மேலே உறிஞ்சல், கீழே தள்ளல். விழும் தண்ணீர் இழுத்து வரும் காற்று அடி வளைவில் வந்து மோதுகிறது. அங்கே தண்ணீர் வேகம் குறைந்து பைப்பை நிறைத்துக்கொள்வதால் காற்று முன்னால் போக முடியாமல் கீழ் ட்ராப்பின் தண்ணீரைப் பிளந்துகொண்டு பாத்ரூமுக்குள் வருகிறது. 45 மில்லிமீட்டர் அடைப்பு இருந்தும் பயனில்லை. ட்ராப்பை இணைத்த இடம்தான் தவறு.

சேம்பர் மூடியைத் திறந்தபோது மழையில் நாற்றம் கூடுவதற்கான காரணமும் தெரிந்தது. கடலூரில் கடற்கரைப் பக்கம் வடகிழக்கு மழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடும் குழியான சோக்பிட் தண்ணீர் குடிக்காது, செப்டிக் டேங்க் மட்டம் உயரும். அன்று சேம்பருக்குள் வரும் பைப்பின் வாய் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்தது. காற்று போக இருந்த வழியும் அங்கே குறுகிவிட்டது. கோடையில் இரண்டு குமிழி வந்திருந்தால் ஐப்பசியில் ஐந்தாறு வருகிறது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஊதுவத்தியைக் கொளுத்தி ஜாலி அருகே பிடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. செய்யாதீர்கள். செப்டிக் டேங்க் வாயுவில் எரியக்கூடிய மீத்தேன் இருக்கிறது. மெல்லிய பாலித்தீன் துண்டு ஒன்றை ஜாலியின் மேல் பிடித்தால் போதும், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அதுவே ஆடிக் காட்டும்.

உடைத்துப் பார்த்தபோது

கிண்ண ட்ராப்பை மாற்ற மாடி பாத்ரூமில் இரண்டு அடி அகலத்துக்கு டைல்ஸ் உடைக்க வேண்டியிருந்தது. தளம் 9 இஞ்ச் பள்ளமாக இறக்கிக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, அதன் மேல் 3 இஞ்ச் பைப். ட்ராப்பிலிருந்து செங்குத்து பைப் வரை 6 அடி தூரம். அடிக்குக் கால் இஞ்ச் என்பது நம் ஊர் பிளம்பர்கள் வைக்கும் கணக்கு. ஏறக்குறைய 48-க்கு 1. அந்தக் கணக்கில் 6 அடிக்கு ஒன்றரை இஞ்ச் இறக்கம் வேண்டும். டியூப் லெவல் வைத்துப் பார்த்தால் அரை இஞ்ச்தான் இருந்தது. அதுவும் சீராக இல்லை. ஜல்லி அமுங்கி, நடுவில் இருந்த இணைப்பு தொய்ந்து, அங்கே ஒரு வயிறு விழுந்திருந்தது. பைப்பை அறுத்தபோது அந்த வயிற்றில் முடியும் சோப்பும் சேர்ந்த கறுப்புக் கூழ் ஒரு கை அளவுக்கு இருந்தது. அது தானே நாறும், செப்டிக் டேங்க் வேண்டியதில்லை. அந்தக் கூழ் ட்ராப்புக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அடைப்பு நன்றாக இருக்கும்வரை நாற்றம் வெளியே வராது. இங்கே அடைப்பு இல்லை, வந்தது.

என்னோடு வந்த பிளம்பர் தம்பி நல்ல வேலைக்காரர். அவர் கேட்டார்: "அண்ணே, பள்ளம் இருக்குல்ல, 4 இஞ்ச் இறக்கம் குடுத்துடலாமா? தண்ணி சர்ருனு போயிடும்." இந்த எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சரிவு மிகக் குறைந்தால் அழுக்கு தங்கும், அது எல்லாருக்கும் தெரியும். மிக அதிகமானால் பைப் முழுக்க நிறைந்த தண்ணீர் வேகமாக ஓடி, வால்பகுதியில் ட்ராப்பின் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். வேறு யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம், ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாலே ட்ராப் காலியாகும். கமோடு பைப்பில் இன்னொரு தொல்லை, தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிட மலம் பின்தங்கிக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தம்பிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று, பைப்பைத் தற்காலிகமாக 4 இஞ்ச் இறக்கத்தில் வைத்து ஒரு வாளி ஊற்றினோம். புதிய ட்ராப்பில் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் போயிருந்தது. ஒன்றரை இஞ்சில் வைத்து ஊற்றியபோது கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் இல்லை. அவரே ஒன்றரை இஞ்சுக்கு அடையாளம் போட்டார்.

பள்ளம் போதாது என்பதால் கிண்ண ட்ராப் போட்டதாகக் கட்டியவர்கள் அப்போது சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டைல்ஸும் சாந்தும் 2 இஞ்ச், பைப் 3 இஞ்ச், ட்ராப்பின் வளைவு பைப்புக்குக் கீழே இறங்குவது சுமார் 3 இஞ்ச். மொத்தம் 8. பள்ளம் 9 இஞ்ச். ட்ராப் இருப்பது பைப்பின் உயரமான முனையில் என்பதால் சரிவுக்குத் தனியாக இடம் விட வேண்டியதும் இல்லை. 2 இஞ்ச் அடைப்புள்ள, வளைவு வகையான பி ட்ராப் தாராளமாக உட்கார்ந்தது.

பழைய பைப்புக்குப் பதில் இடையில் இணைப்பே இல்லாத ஒரே துண்டு போட்டோம். அடியில் ஜல்லியை எடுத்துவிட்டு, இரண்டு அடிக்கு ஒரு செங்கல் தாங்கி கட்டி, சிமெண்ட் கலவையில் பைப்பை உட்கார வைத்தோம். வாஷ் பேசின் தண்ணீரை நேரே செங்குத்து பைப்புக்கு விடாமல் புதிய தரை ட்ராப்பின் பக்கவாட்டு வாயில் சேர்த்தோம். கை கழுவும் ஒவ்வொரு முறையும் ட்ராப் நிரம்பும். பேசினின் நெளிவு பைப்பைச் சுவர் ஓட்டையில் சும்மா சொருகியிருந்தார்கள், அதற்கு ரப்பர் வளையம் போட்டு இறுக்கினோம்.

மூடுவதற்கு முன் பைப்பின் மறுமுனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு விட்டோம். மட்டம் இறங்கவில்லை. உடைத்த இடத்தில் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு கிழிந்திருந்தது. அதைப் பழைய பூச்சின் மேல் அரை அடி ஏறும்படி புதிதாகப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் போட்டோம். இந்த இரண்டு நாளைச் சேமிக்க நினைத்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும்.

கீழே செய்தது

கீழ் பாத்ரூமின் உள்ளே எதையும் உடைக்கவில்லை. வெளிச்சுவர் ஓரமாகத் தோண்டினோம், மணல் கலந்த மண் என்பதால் அரை நாள் வேலை. தரை ட்ராப்பின் பைப்பைச் செங்குத்து பைப்பிலிருந்து பிரித்து, பழைய டி வாயை அடைத்துவிட்டு, வெளியே ஒரு கல்லி ட்ராப்புக்கு, அதாவது வெளித்தரையில் பதித்த, மேலே ஜாலி போட்ட ட்ராப்புக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து சேம்பருக்குத் தனி வழி. கல்லி ட்ராப்பின் மேல் ஜாலி வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால், சேம்பரிலிருந்து காற்று தள்ளினாலும் அது வெளியே போகும், தரை ட்ராப் வரைக்கும் அழுத்தம் வராது. தரைத்தள பாத்ரூமை மாடி பைப்பின் அடியில் இணைக்கவே கூடாது, எவ்வளவு பக்கமாக இருந்தாலும்.

செங்குத்து பைப்பின் அடியில் ஒரே 90 டிகிரி எல்போ இருந்தது. அதை எடுத்துவிட்டு 45 டிகிரி பெண்ட் இரண்டு போட்டோம். வளைவு நீளமாக இருந்தால் தண்ணீர் அவ்வளவு வேகமாக மோதி நிற்காது. சேம்பருக்கும் ஒரு காற்றுக் குழாய் கொடுத்து, சுவரோடு மொட்டைமாடி வரை ஏற்றினோம்.

மொட்டைமாடியில் இரண்டு குழாயையும் 7 அடி உயரத்துக்கு நீட்டினோம். துணி காயப்போடுபவர் மூக்குக்கு மேலே காற்று போய்விடும், பக்கத்து வீட்டு ஜன்னலும் அந்த உயரத்தில் இல்லை. உச்சியில் கவுல் என்ற காற்றோட்டத் தொப்பி, அதற்குள் நைலான் கொசுவலை. இரும்பு வலை கடற்காற்றில் துருப்பிடித்து, அந்தத் துருவே ஓட்டைகளை அடைத்துவிடும். நைலானும் தூசி பிடிக்கும், அதனால் சித்திரையில் ஒருமுறை, மழைக்கு முன் ஒருமுறை கழற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மகன் வந்ததும் போனேன். மாடி ட்ராப்பில் கொக்கிக் கம்பி 50 மில்லிமீட்டர் காட்டியது. தொடர்ந்து மூன்று ஃப்ளஷ் செய்த பிறகு 46. கீழே ட்ராப்பில் ஒரு குமிழிகூட இல்லை, தண்ணீர் லேசாக ஆடியது, அவ்வளவே. மாடி பாத்ரூமை ஐந்து நாள் பூட்டி வைத்து, ஆறாம் நாள் அளந்தேன். ஆவியானது 4 மில்லிமீட்டர். முன்பு இருந்த 18 மில்லிமீட்டர் அடைப்பில் இதே இழப்பு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். மகன் ஒரு மாதம் வராவிட்டால் மட்டும் அம்மா மாடி ஏறி ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தபோது ஐயா கூப்பிட்டார். கல்லி ட்ராப்பின் ஜாலி ஓரமாக வெளியே லேசாக நாற்றம் வருகிறது, வீட்டுக்குள் இல்லை என்றார். போய்ப் பார்த்தால் செப்டிக் டேங்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. டேங்க் நிரம்பிவிட்டால் எந்தக் குழாயும் அதற்கு மருந்தாகாது. லாரி வைத்து எடுக்கச் சொன்னேன். அந்த வீட்டுக்கு சோக்பிட்டை உயரமான இடத்துக்கு மாற்றுவது பற்றித் தை மாதம் தண்ணீர்மட்டம் இறங்கிய பிறகு தோண்டிப் பார்த்துப் பேசலாம் என்று இருக்கிறோம்.